பக்கத்து வீட்டு நாய் இரவில் குரைக்கிறது: கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: "பக்கத்து வீட்ல ஒரு நாய் வளர்க்கிறாங்க. நாலு மாசமா ராத்திரி முழுக்கக் குரைக்குது, தூங்கவே முடியல. பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா. அவங்க நல்ல மனுஷங்க, சண்டை போட எனக்கு இஷ்டமில்ல. மனசு நோகாம ஒரு லெட்டர் எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். என்ன எழுதறது, எப்படி எழுதறது?"

கடிதத்தை இன்றைக்கு எழுதாதீர்கள். ஏழு இரவு குறிப்பெடுத்த பிறகு எழுதுங்கள். இப்போதே எழுதினால் முதல் வரியிலேயே "ராத்திரி முழுக்கக் குரைக்குது" என்றுதான் வரும், அந்த வரியை அவர்கள் நம்ப மாட்டார்கள். பல வீடுகளில் நாயை முன்பக்கம் வாசல் கேட்டருகே கட்டியிருப்பார்கள், வீட்டுக்காரர் பின்பக்க அறையில் ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்குவார். தன் வீட்டு நாயின் குரல் பழகிப்போனதால் விழிப்பும் வராது. விழித்தாலும் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்திருப்பார். அவருக்குத் தெரிந்தது அந்த ஐந்து நிமிடம்தான். "ராத்திரி முழுக்க" என்று படித்ததும் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்துவிடுவார், அதன் பிறகு கடிதத்தில் எது இருந்தாலும் அதே சந்தேகத்தோடுதான் படிப்பார். ஆகவே அவர் தன் படுக்கையிலிருந்து தெரிந்துகொள்ள முடியாத ஒன்றை அவருக்குத் தெரியப்படுத்துவதுதான் கடிதத்தின் முதல் வேலை.

குறிப்பெடுப்பது எளிது. தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். குரைப்பு தொடங்கிய நேரம், நின்ற நேரம், எப்படிக் குரைத்தது, அப்போது தெருவில் என்ன நடந்தது, இந்த நான்கையும் எழுதுங்கள். குரைக்காத இரவை "இன்று சத்தமில்லை" என்று தவறாமல் எழுதுங்கள், பின்னால் அதுதான் அதிகம் உதவும். ஏதாவது இரண்டு இரவில் அரை நிமிடம் குரல் பதிவும் செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் "வியாழக்கிழமை இரவு இரண்டு பத்து" என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டுப் பதியுங்கள். உங்கள் படுக்கையில் இருந்தபடியே பதிய வேண்டும். மதில் மேல் கையை நீட்டி அவர்கள் வாசலை வீடியோ எடுத்தால் பேச்சு நாயை விட்டு "எங்க வீட்டை எதுக்கு வீடியோ எடுத்தீங்க" என்று போய்விடும். டெசிபல் காட்டும் ஆப் எண்களையும் கடிதத்தில் போடாதீர்கள். அளவு சரிபார்க்கப்படாத கைபேசி ஒலிவாங்கி ஒரே சத்தத்துக்கு ஒவ்வொரு கைபேசியிலும் ஒவ்வொரு எண் காட்டும், அவர் தன் கைபேசியில் வேறு எண்ணைக் காட்டினால் உங்களிடம் பதில் இருக்காது.

எப்படிக் குரைத்தது என்பதை எழுதச் சொன்னதற்குக் காரணம், குரைப்பின் போக்கைக் கேட்டே ஓரளவுக்கு அதன் காரணத்தைப் பிடிக்கலாம். படபடவென்று நாலைந்து குரைப்பு, சற்று நிறுத்தம், மறுபடி நாலைந்து என்று வந்தால் அது எதையோ பார்த்தோ கேட்டோ எச்சரிக்கிறது: தெருநாய், பூனை, பெருச்சாளி, நடந்து போகும் ஆள். ஒரே சுரத்தில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு, யாரையும் நோக்காமல் நீண்ட நேரம் குரைத்தால் தனிமையாகவோ, பகலெல்லாம் கட்டிப்போட்டிருந்ததால் சேர்ந்த சலிப்பாகவோ இருக்கும். குரைப்போடு முனகலும் ஊளையும் கலந்து, அதுவும் வீட்டில் ஆளில்லாத நாட்களில் மட்டும் வந்தால் பிரிவுத் தவிப்பு. வயதான நாய் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் நடு இரவில் எழுந்து சுற்றிச் சுற்றிக் குரைத்தால் வலியோ, மூப்பினால் வரும் தடுமாற்றமோ இருக்கலாம். அந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும், இடம் மாற்றுவது மட்டும் அதற்குப் போதாது.

ஒரு வாரக் குறிப்பு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். தனி வீடுகள் வரிசையாக உள்ள தெரு, எதிர்முனையில் ஒரு குப்பைத்தொட்டி. நாயின் பெயர் ஜிம்மி என்று வைத்துக்கொள்வோம், கேட்டருகே சங்கிலியில் கட்டியிருக்கிறது. ஏழு இரவில் ஐந்து இரவு, 1.45க்கும் 2.30க்கும் நடுவே தொடங்கி அரை மணி முதல் முக்கால் மணி வரை விட்டுவிட்டுப் படபடக் குரைப்பு. அந்த ஐந்தில் நாலு இரவு தொட்டியருகே தெருநாய்கள் சண்டையிடும் சத்தமும் கேட்டது. எல்லா நாளும் 4.40க்குப் பால் வண்டி வரும்போது ஐந்து நிமிடம். ஒரு இரவு மழை, நடு இரவில் சத்தமில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான். அன்று அவர்கள் வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் ஜிம்மியைப் பின்கட்டில் கட்டியிருந்தார்கள்.

இந்தக் குறிப்பில் சனிக்கிழமைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அதே தெரு, அதே தொட்டி, அதே நாய், கட்டிய இடம் மட்டும் வேறு, நடு இரவு அமைதி. ஒரு இரவை வைத்து முடிவுக்கு வர முடியாது. அன்று தெருநாய்களே வராமல் இருந்திருக்கலாம். ஆனால் எதை முயன்று பார்க்கலாம் என்று கேட்பதற்கு அந்த ஒரு இரவு போதும். கடிதத்திலும் இந்த வேறுபாடு தெரிய வேண்டும். இரண்டு மணிக்கு அரை மணி நேரம் குரைத்தது என்பது நீங்கள் காதால் கேட்டது, அதை உறுதியாக எழுதுங்கள். தெருநாய்தான் காரணம் என்பது உங்கள் ஊகம், "என்று தோன்றுகிறது" என்று எழுதுங்கள். அவர்கள் நாயைப் பற்றி அவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும் என்ற தொனி வந்தால் எந்த வளர்ப்பவருக்கும் பிடிக்காது.

அடுத்து, கேட்பது ஒன்றாக இருக்க வேண்டும். மேலே சொன்ன வாரத்தில் பால் வண்டிக் குரைப்பையும் சேர்த்து எழுதத் தோன்றும். விட்டுவிடுங்கள். நாய் தானே நிறுத்திக்கொள்ளும் ஐந்து நிமிடக் குரைப்பு அது, அதைக் கேட்டால் "நாய்னா குரைக்கத்தான் செய்யும்" என்ற பதிலுக்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். நடு இரவு அரை மணி நேரத்தை மட்டும் கேளுங்கள். அதற்கு இந்த வாரக் குறிப்பிலிருந்து கிடைக்கும் கோரிக்கை: இரவு பத்து மணி முதல் காலை வரை ஜிம்மி பின்கட்டிலோ வீட்டுக்குள்ளோ படுக்கட்டும், இரண்டு வாரம் மட்டும் பார்க்கலாம். இது வேலை செய்வதற்கு இரண்டு காரணம் உண்டு. தொட்டியும் தெருநாய்களும் கண்ணில் படாததால் குரைப்பைக் கிளப்பும் காட்சி போய்விடும். அப்படியும் குரைத்தால் நடுவில் வீடே நிற்பதால் உங்கள் அறைக்கு வரும் சத்தம் குறையும். உங்கள் படுக்கையறை அவர்கள் பின்கட்டை ஒட்டி இருந்தால் இந்த யோசனை தலைகீழாகிவிடும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் வீட்டுக்குள் படுக்க வைப்பதை மட்டும் கேளுங்கள்.

பின்னால் இடமில்லாத வீடும் உண்டு. அங்கே கேட்டின் கம்பிக்குத் தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு உட்புறமாக வெளிச்சம் ஊடுருவாத ஷீட் கட்டிப் பார்க்கலாம். முதலில் பழைய தார்ப்பாயைக் கட்டிச் சோதித்துவிட்டு, பலன் தெரிந்தால் தகர ஷீட் போடலாம். நர்சரியில் கட்டும் பச்சை வலை உதவாது, அதன் வழியே நாய்க்கு அசைவு தெரியும். ஷீட் சத்தத்தைத் தடுக்காது, பார்வையை மட்டும்தான் தடுக்கும். அதனால் காதால் கேட்டுக் குரைக்கும் நாய்க்கு இதில் பாதிப் பலன்தான்.

"சேர்ந்து ஒரு வழி" என்று எழுதும்போது உங்கள் பங்கு என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மரியாதையாக எழுதிய புகார் மட்டுமே. உங்கள் பக்கமே கொஞ்சம் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது இருக்கும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மீன் முள்ளும் கோழி எலும்பும் உள்ள குப்பைப் பையை அந்தத் தொட்டியில் போடுவது உங்கள் வீடாகவே இருக்கலாம். தெருநாய்களை இரண்டு மணிக்கு அங்கே வரவழைப்பதில் அந்தப் பைக்கும் பங்குண்டு. காலையில் துப்புரவுப் பணியாளர் வரும்போது கொடுத்தால் போயிற்று. உங்கள் போர்ட்டிகோ விளக்கு இரவெல்லாம் எரிந்து தெருவை அவர்கள் கேட் வரைக்கும் காட்டிக்கொண்டிருந்தால் அதை அணைக்கலாம். தார்ப்பாய் அல்லது ஷீட் செலவில் பாதியை ஏற்கலாம். இவை எல்லாம் நீங்கள் முதலில் செய்யத் தொடங்கிவிட்டு, பிறகு கடிதத்தில் "செய்துவருகிறோம்" என்று எழுத வேண்டியவை.

இனிச் சொற்கள். மதிலுக்கு மேலே நின்று எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கடிதத்திலும் கூப்பிடுங்கள். தினமும் "அண்ணா" என்று கூப்பிடுபவருக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று வந்தால் கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி இருக்கும், உறையைப் பிரித்ததுமே அவருக்கு வயிற்றைப் புரட்டும். நாயின் பெயரை எழுதுங்கள். "உங்கள் நாய்" என்பதே சற்றுத் தள்ளி நிற்கிறது, "அந்த நாய்" வசவு மாதிரி ஒலிக்கிறது. அவர்கள் "அவன்" என்று பேசினால் நீங்களும் "அவன்" என்றே எழுதுங்கள். "குரைக்க விடுகிறீர்கள்" என்பது வளர்ப்பவரைக் குற்றவாளி ஆக்குகிறது, "குரைக்கிறான்" என்பது நடந்ததை மட்டும் சொல்கிறது. "தெருவில் எல்லோருமே சொல்கிறார்கள்" என்பதை எழுதவே கூடாது. உண்மையாக இருந்தாலும், தன் முதுகுக்குப் பின்னால் தெருவே கூடிப் பேசியிருக்கிறது என்ற கோபம்தான் மிஞ்சும். "தப்பா நினைக்காதீங்க" என்ற வரியும் வேண்டாம், தப்பாக நினைக்க ஏதோ வரப்போகிறது என்று படிப்பவரை அது தயார்படுத்திவிடுகிறது.

மேலே பார்த்த வாரத்துக்குக் கடிதம் இப்படி அமையலாம். நேரங்களையும் பெயரையும் உங்கள் நோட்டிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

"அன்புள்ள அண்ணா, அக்கா,

நலம்தானே. நேரில் பேசும்போது விட்டுப்போகும் விவரங்கள் சில இருப்பதால் எழுதித் தருகிறேன்.

சில மாதமாக இரவில் எங்களுக்குத் தூக்கம் கலைகிறது. சரியாக என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போன வாரம் ஏழு நாளும் நேரம் குறித்துப் பார்த்தேன். ஐந்து இரவில் ஜிம்மி 1.45க்கு மேல் 2.30க்குள் குரைக்கத் தொடங்கி, அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை விட்டுவிட்டுக் குரைத்தான். உங்கள் படுக்கையறை பின்பக்கம் இருப்பதால் அங்கே கேட்காமல் இருந்திருக்கலாம். எங்கள் ஜன்னல் உங்கள் கேட்டுக்கு நேராக இருக்கிறது. அந்த நேரத்தில் விழித்தால் பாப்பாவுக்குத் திரும்பத் தூக்கம் வர ஒரு மணி நேரம் ஆகிறது, காலை ஐந்தரைக்குப் படிக்க எழுந்துவிடுகிறாள்.

குப்பைத்தொட்டிக்கு வரும் தெருநாய்களைப் பார்த்துத்தான் குரைக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குத்தான் அவனைப் பற்றி நன்றாகத் தெரியும். விருந்தாளிகள் வந்திருந்த சனிக்கிழமை அவன் பின்கட்டில் இருந்தான், அன்று நடு இரவில் சத்தமே இல்லை.

அதனால் ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன். வரும் திங்கள் முதல் இரண்டு வாரம், இரவு பத்து மணிக்கு மேல் அவனைப் பின்கட்டில் படுக்க வைத்துப் பார்க்க முடியுமா? அது உங்களுக்குத் தோதுப்படாது என்றால் கேட்டுக்கு உட்புறம் தார்ப்பாய் கட்டிப் பார்க்கலாம், செலவில் பாதி எங்களுடையது. வேறு நல்ல வழி உங்களுக்குத் தெரிந்தாலும் சரிதான். எங்கள் பங்குக்கு இரவில் தொட்டியில் குப்பை போடுவதை நிறுத்திவிட்டோம், போர்ட்டிகோ விளக்கையும் பத்து மணிக்கு அணைத்துவிடுகிறோம்.

முதல் சில நாள் இடம் மாறியதால் கூடுதலாகச் சத்தம் போட்டாலும் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம், அதற்காக நிறுத்திவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், உங்களுக்கு வசதிப்படும்போது பேசலாம்.

அன்புடன்,
பக்கத்து வீட்டிலிருந்து"

கீழே உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் தேதியும் இருக்கட்டும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "உங்கள் படுக்கையறை பின்பக்கம் இருப்பதால்" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். தெரிந்தே விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கவில்லை என்பதைச் சொல்வது அந்த ஒரு வரிதான். "பார்க்க முடியுமா" என்ற கேள்விக்குத் தேதியும் கால அளவும் இருப்பதையும் கவனியுங்கள். "ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதினால் அவர் என்ன செய்வார்? இரண்டு நாள் நாயை அதட்டுவார். அதட்டும் குரல் நாய்க்குத் தன்னோடு சேர்ந்து வீட்டுக்காரரும் குரைப்பது போலவே இருக்கும், குரைப்பு கூடும், அவரும் செய்து பார்த்தாகிவிட்டது என்று விட்டுவிடுவார்.

தூங்காத இரவுக்கு மறுநாள் காலையில் கொடுக்காதீர்கள், உங்கள் முகமே கடிதத்தைக் கெடுத்துவிடும். விடுமுறை நாளில், உறையில் போட்டு, கையில் கொடுங்கள். நாய்க்குச் சோறு வைப்பவர் யாரோ அவர் கையில் கொடுப்பது நல்லது. பல வீடுகளில் அது அக்காவாகத்தான் இருக்கும், இரவில் எங்கே கட்டுவது என்பதையும் அவரே முடிவு செய்வார். கேட்டில் செருகிவிட்டு வருவது, தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவது, சங்கச் செயலாளருக்கு ஒரு நகல் அனுப்புவது, மூன்றும் முதல் கடிதத்தில் வேண்டாம். நான்கு பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வர மாட்டார்கள். உங்களிடம் இருக்கும் பிரதியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

பதில் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். "எங்களுக்குக் கேட்கவே இல்லையே" என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். பதிவைப் போட்டுக் காட்டுங்கள், அல்லது "அடுத்த முறை ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டுமா" என்று அனுமதி கேளுங்கள். ஒரே ஒருமுறை இரண்டு மணிக்கு வாசலில் நின்று கேட்டுவிட்டால் மற்றதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. "நாய்னா குரைக்கத்தான் செய்யும்" என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்தால் குரைக்கட்டும், பால் வண்டிக்கும் குரைக்கட்டும், இந்த அரை மணி நேரத்துக்கு மட்டும்தான் வழி தேடுகிறோம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது பதிலுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்: "காவலுக்குத்தானே வாசலில் கட்டியிருக்கோம்." இதைத் தட்டிக்கழிக்காதீர்கள், அவர்களுக்குத் திருட்டுப் பயம் உண்மையானது. நாயின் காது நம் காதைவிட மிகக் கூர்மை. பின்கட்டிலோ கூடத்திலோ படுத்திருந்தாலும் கேட் தாழ்ப்பாள் அசைந்தால் அதற்குத் தெரியும். தினமும் இரண்டு மணிக்குக் குரைத்துப் பழகிய நாயின் குரலுக்கு வீட்டில் யாரும் எழுந்து வருவதில்லை என்பதைத்தான் உங்கள் குறிப்பும் காட்டுகிறது. வழக்கமாக அமைதியாக இருக்கும் நாய் ஒரு நாள் குரைத்தால்தான் எல்லோரும் எழுவார்கள். இதை விவாதமாகச் சொல்லாமல், இரண்டு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று விடுங்கள்.

ஒத்துக்கொண்டால் முதல் நாலைந்து இரவு மோசமாகவே இருக்கலாம். புதிய இடத்தில் முனகும், கதவைப் பிறாண்டும். குரைத்தால் ஆள் வருவார் என்று பழகிய நாய், ஆள் வராவிட்டால் முன்பைவிடக் கூட்டித்தான் முதலில் குரைக்கும். அந்தக் கட்டத்தில் போய்க் கொஞ்சினாலோ திட்டினாலோ அதிகமாகக் குரைத்தால் பலன் உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். மூன்றாம் நாளே "சரிப்படலை" என்று கைவிடும் வீடுகள் இதனால்தான் கைவிடுகின்றன. கடிதத்தில் இரண்டு வாரம் கேட்டதும், பொறுத்துக்கொள்கிறோம் என்று எழுதியதும் இதற்காகத்தான். பேச்சு நல்லபடியாகப் போனால் இன்னும் சிலவற்றை வாய்மொழியாகச் சேர்க்கலாம்: மாலையில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கவோ ஓடவோ விடுவது, இரவுச் சோற்றை எட்டு மணிக்குள் வைப்பது, பத்து மணிக்குப் படுக்கும் முன் ஒருமுறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போவது, பகலில் படுத்த அதே சாக்கையோ விரிப்பையோ புதிய இடத்திலும் போடுவது. பின்கட்டில் காற்றும் தண்ணீரும் இருக்கிறதா, மேலே கூரை இருக்கிறதா என்பதும் முக்கியம். கோடையில் புழுங்கும் இடத்தில் கட்டினால் அந்தக் காரணத்துக்கே இரவெல்லாம் குரைக்கும். குட்டைச் சங்கிலியில் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டால் சத்தம் இன்னும் தூரம் போகும், நாய்க்கும் கொடுமை. குரைத்தால் மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டையை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பயத்தில் குரைக்கும் நாயை அது இன்னும் பயப்படுத்தும், சில நாய்கள் கடிக்கவும் தொடங்கும்.

உங்கள் குறிப்பில் நேரமே ஒத்துப்போகவில்லை, ஒரு நாள் பன்னிரண்டு, ஒரு நாள் மூன்று, தெருவில் ஒன்றுமில்லை என்றால் மேலே உள்ள கோரிக்கை பொருந்தாது. அப்போது கடிதத்தில் காரணத்தை ஊகிக்காமல் நேரங்களை மட்டும் கொடுத்து, "உடம்புக்கு ஏதாவது இருக்குமோ, டாக்டரிடம் ஒருமுறை காட்டலாமா" என்று கேட்பதே சரி. உண்ணிக் கடி, காதுப் புண், மூட்டு வலி எல்லாம் இரவில்தான் நாயை அதிகம் படுத்தும்.

சட்டம் பற்றிக் கட்டாயம் யாராவது உங்களிடம் சொல்வார்கள், எனவே இருக்கும் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையை இரவு நேரமாக வைத்து, குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு சொல்கின்றன, பகலுக்கு 55. மறுபக்கம், குரைப்பதைக் காரணம் காட்டிக் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது, இரவில் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்ளவும் அதுவே வளர்ப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறது. இரண்டையும் முதல் கடிதத்தில் எழுதாதீர்கள். விதி எண்ணைப் பார்த்ததும் அவர் வக்கீலைக் கேட்பார், உங்களிடம் பேச மாட்டார். ஒரு வாரம் பதிலே இல்லையென்றால் நேரில் போய் "கடிதம் படிச்சீங்களா அண்ணா" என்று ஒருமுறை கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம், அதன் பிறகு சங்கம், கடைசியில் காவல் நிலையம். அங்கே போக நேர்ந்தால் உங்கள் ஏழு இரவு நோட்டும் தேதியிட்ட முதல் கடிதமும்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

ஒத்துக்கொண்டு செய்கிறார்கள் என்றால் அந்த இரண்டு வாரமும் நோட்டைத் தொடருங்கள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ முதன்முறையாக அமைதியாகத் தூங்கிய மறுநாள் காலையிலேயே "நேத்து ராத்திரி சத்தமே இல்லக்கா" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். அவர்கள் பின்பக்க அறையில் தூங்குகிறார்கள், நீங்கள் சொன்னால்தான் அது அவர்களுக்குத் தெரியும்.